எண்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு காணொளி: பதினொரு பேர் சொன்னதை ஒரு குரலில் சேர்த்த கதை

பின்னணி

இந்தக் குறிப்பின் நடுவில் இருப்பவரைப் பாட்டி என்றே எழுதுகிறேன். வீட்டில் யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. மகன் வழிப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. மகள் வழிப் பேரனான எனக்கு அம்மாச்சி. மருமகள்களுக்கு அத்தை, தங்கைக்கு அக்கா. இந்தப் பெயர் வேறுபாடுதான் பின்னால் எங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டது என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பாட்டி மதுரையில் வைகையின் வடகரையில் ஒரே வீட்டில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். தாத்தா போனபின் இளைய மகள், அதாவது என் சித்தி, அவரை டல்லாஸுக்கு அழைத்துப் போனார். நான்கு வருடமாகிறது. கேள்வி கொஞ்சம் குறைந்திருக்கிறது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், நாளிதழின் தலைப்புகளைப் படிப்பார்.

எண்பது முடிகிற வருடம் நேரில் போக யாருக்கும் வழியில்லை. காணொளி அனுப்பலாம் என்று முடிவானது. முந்தைய வருடமும் அனுப்பியிருந்தோம். அப்போது அவரவர் கைபேசியில் எடுத்ததை அப்படியே ஒட்டியிருந்தோம். ஒருவர் பின்னால் மிக்சி ஓடியது, இன்னொருவர் மொட்டைமாடிக் காற்றில் பேசினார், மூன்றாமவர் கத்தினார். ஒவ்வொரு துண்டுக்கும் ரிமோட்டில் ஒலியைக் கூட்டிக் குறைத்து அலுத்துப்போய், மூன்றாவது ஆளோடு பாட்டி எழுந்து போய்விட்டதாகச் சித்தி சொன்னார். அதனால் இந்த முறை எல்லோரும் சொல்வதைத் தொகுத்து ஒரு வாசகமாக எழுதி, ஒருவரே பேசுவது என்று வைத்துக்கொண்டோம். எழுதுவது நான். பேசுவது மூத்த மாமாவின் மகள். அப்பத்தாவின் மடியில் வளர்ந்தவள், நிறுத்திப் பேசத் தெரிந்தவள்.

தேதி

மே மாதத் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தோம். கடவுச்சீட்டில் பாட்டியின் பிறந்தநாள் ஜூன் 1. டல்லாஸில் மருத்துவமனை முதல் காப்பீடு வரை எல்லாமே அந்தத் தேதியில்தான். நாங்களும் அதற்கே குறிவைத்தோம். இரண்டாவது வாரம் பாட்டியின் தங்கையிடம் பேசும்போது அவர் கேட்டார்: “ஜூன் ஒண்ணு பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் போட்டது. அவ பொறந்தது ஆவணி சதயம். அது தெரியாமலா இத்தனை பேரு கூடி வேலை செய்யிறீங்க?”

எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த மூத்தவர்கள், ‘அமெரிக்காவில் எந்தத் தேதியைக் கொண்டாடுகிறார்களோ அதுதானே’ என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆவணிக்கு மாற்றினோம். எங்கள் நாட்காட்டியில் சதயம் விழும் நாளும் டல்லாஸில் விழும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கோடையில் அங்கே பத்தரை மணி நேரம் பின்னால். இங்கே விடிகாலையில் தொடங்கும் நட்சத்திரம் அங்கே முதல் நாள் மாலையே தொடங்கிவிடும். சித்தி அங்குள்ள கோயில் அச்சிட்ட நாட்காட்டியைப் பார்த்து நாளைச் சொன்னார். நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம்.

இந்த மாற்றத்தால் கூடுதலாகக் கிடைத்த பத்துப் பன்னிரண்டு வாரங்கள்தான் வேலையைக் காப்பாற்றின. ஜூன் 1-க்கே அனுப்பியிருந்தால் போயிருக்கக்கூடியது கீழே சொல்லும் முதல் வடிவம்.

சேகரித்ததும் முதல் வடிவமும்

குடும்ப வாட்ஸாப் குழுவில், “அம்மாச்சிக்கு என்ன சொல்லணுமோ நாலு வரி எழுதி அனுப்புங்க” என்று போட்டேன். பதினொரு பேரிடமிருந்து வந்தது. அதில் ஏழு, ‘நூறாண்டு வாழ வாழ்த்துகிறோம், வணங்குகிறோம்’ வகை. மூன்று, யாரோ செய்த ரோஜாப்பூப் படம். சின்ன மாமா மட்டும் எழுத வராது என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். நான்கு நிமிடம், நிறையத் தயக்கத்தோடு. அந்தப் பதினொன்றில் பாட்டியைப் பற்றிப் பேசியது அது ஒன்றுதான்.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வந்ததையெல்லாம் கோத்து, இடைவெளிகளை என் சொந்தச் சொற்களால் நிரப்பி, சுமார் 1,300 சொற்களில் ஒரு வாசகம் எழுதினேன். மூத்த மாமாவின் பகுதி இப்படி இருந்தது: “தங்கள் மூத்த மகன் கூறுவது: எங்கள் கல்விக்காகத் தாங்கள் பட்ட பாடுகளை நாங்கள் என்றும் மறவோம்.” எழுதும்போது நன்றாக இருப்பதாகத்தான் பட்டது. பணி ஓய்வு விழாவில் வாசித்துக் கொடுக்கும் பாராட்டு மடலின் நடை அது என்பது பிறகுதான் தெரிந்தது.

பதிவு செய்தபோது பதினான்கு நிமிடத்தைத் தாண்டியது. பேசுபவளின் முகத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்துவிட்டு, நடுவில் முழுக்கப் பழைய படங்களை ஓடவிட்டோம். பின்னணியில் தொடர்ச்சியாக வீணை.

ஒத்திகை

அனுப்புவதற்கு முன் யாரிடமாவது போட்டுக் காட்டலாம் என்று என் மாமன் மகள்தான் சொன்னாள். பாட்டியின் தங்கையைத் தேர்ந்தெடுத்தோம். வயது 74, அவருக்கும் கேள்வி சற்று மந்தம், அதே வீட்டுப் பேச்சு. கைபேசியில் இல்லாமல் தொலைக்காட்சியில் போட்டோம், டல்லாஸிலும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பதால். ஒன்றும் விளக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது நிமிடத்தில், “யாரு பேசுறா, டிவிக்காரியா?” என்றார். ஐந்தாவது நிமிடத்தில் படங்களில் இருப்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், குரலைக் கேட்கவே இல்லை. ஒன்பதாவது நிமிடத்தில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். முடிந்ததும் என்னென்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “நல்லா இருக்கணும்னு சொன்னாங்க” என்றார். பிறகு சின்ன மாமா சொன்ன அழகர் கதை ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: “பெரியவன் எப்ப அவங்கம்மாவ நீங்கன்னு கூப்பிட்டான்?”

அந்தக் கேள்வியில்தான் தவறின் வேர் இருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் அம்மாவை ‘நீ’ என்பார்கள். கூடவே வளர்ந்த பேத்தியும் ‘நீ’தான். மருமகள்கள் ‘நீங்க’. சென்னையில் வளர்ந்த நானும் ‘நீங்க’. ஒரு குரல் எல்லோருக்காகவும் பேசுகிறது என்பதற்காக நான் எல்லாவற்றையும் ‘தாங்கள்’ என்று தேய்த்து மட்டமாக்கியிருந்தேன். மரியாதை கூடியது போலத் தெரிந்தது. உண்மையில் ஒவ்வொருவரும் அவருக்கு எந்தத் தூரத்தில் நிற்கிறார்கள் என்பது அழிந்துபோனது. மகன் ‘நீங்கள்’ என்று சொன்னால் அந்த அம்மாவுக்குக் கேட்பது மரியாதை இல்லை, மகன் தள்ளி நிற்கிறான் என்பதுதான்.

காது சம்பந்தமாகவும் ஒன்று தெரிந்தது. வயதில் கேள்வி குறையும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். உயிரொலிகள் தெளிவாகவே கேட்கும். ச, ஸ, த போன்ற மெய்களின் கூர்மைதான் போய்விடும். ஆள் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. வீணை அந்த மிச்சத்தையும் மூடிவிட்டது. ஒலியைக் கூட்டினால் வீணையும் சேர்ந்து கூடியது. இப்படிக் கேட்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் பேசுபவரின் வாயைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடிக்கிறார்கள். நாங்களோ வாயைப் படங்களால் மறைத்திருந்தோம்.

இரண்டாவது வடிவத்துக்கு எடுத்த முடிவுகள்

எழுதி வாங்குவதை விட்டேன். பதினொரு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, அனுமதி கேட்டுப் பேச்சைப் பதிவு செய்தேன். வாழ்த்து எதுவும் கேட்கவில்லை. கேட்டவை மூன்றுதான்: அவர் உங்களைத் திட்டியது எதற்கு? அவரிடம் நீங்கள் மறைத்தது எது? அந்த வீட்டில் எந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பது போல் ஞாபகம் வருகிறது? பாசத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். திட்டு வாங்கியதைப் பற்றிக் கேட்டால் பதினொரு பேருக்கும் பதினொரு கதை இருந்தது.

‘பட்ட பாடுகளை மறவோம்’ என்று எழுதியிருந்த மூத்த மாமா, சைக்கிள் சாவிக் கதையைச் சொன்னார். ‘போற்றி வணங்குகிறேன்’ என்று அனுப்பிய அத்தை, அதாவது பேசுபவளின் அம்மா, கல்யாணமான முதல் மாதம் புளிக்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதைச் சொன்னார். பாட்டி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, தாத்தாவிடம் “இன்னைக்கு நான் வச்சேன், கை தவறிருச்சு” என்று சொல்லிவிட்டாராம்.

இதையெல்லாம் ஒரு குரலில் எப்படிச் சொல்வது என்பதற்குப் பேச்சுத் தமிழே வழி வைத்திருந்தது. ‘சொல்லச் சொன்னாங்க’. சேதி கொண்டுவருகிறவர் காலங்காலமாகச் செய்வதுதான். தன் பேச்சைத் தன் உறவுமுறையில் பேசி, மற்றவர் பேச்சை அவரவர் வாயிலிருந்து வந்தபடியே எடுத்துவைத்து, ‘ன்னு’ போட்டு மூடிவிடுவது. யார் ‘நீ’, யார் ‘நீங்க’ என்பது அப்படியே நிற்கும். மூத்த மாமாவின் பகுதி இப்படி ஆனது:

“அப்பத்தா, இது எங்கப்பா உன்கிட்ட சொல்லச் சொன்னது. (இங்கே மூச்சு விடும் நேரம் நிறுத்தம்.) ‘யம்மா, பன்னெண்டாவது பரீட்சையப்ப என் சைக்கிள் சாவிய புளிப்பானைக்குள்ள ஒளிச்சு வச்சேல்ல. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் எடுக்கல’ன்னு சொன்னாங்க.”

யார் சொன்னது என்பது எப்போதும் முதலில் வரவேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். முதல் வடிவத்தில் சில இடங்களில் சேதியைச் சொல்லிவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல்லியிருந்தேன். கேட்பவர் பெயர் வரும்வரை யார் என்று தேடிக்கொண்டே இருப்பார், அதற்குள் சேதி போய்விடும்.

ஆளுக்கு ஒரு கதை, அவ்வளவுதான். மொத்தம் 480 சொற்களுக்குள் வந்தது. முதல் முறை நிமிடத்துக்குச் சுமார் 90 சொல் வேகத்தில் வாசித்தவளை 75-க்குக் குறைக்கச் சொன்னேன். வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் வேகம் தானாக ஏறுகிறது என்பதால், ஒவ்வொரு கதையையும் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்துச் சொன்னாள். சில சொற்கள் மாறின. மாறியவை எல்லாம் என் எழுத்தைவிட நன்றாகவே இருந்தன.

பதிவு படுக்கையறையில், மின்விசிறியை அணைத்து, துணி அலமாரிக் கதவைத் திறந்துவைத்து. துணிகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். வெளிச்சம் முகத்துக்கு நேராகச் சன்னலிலிருந்து. பேசும்போது முகம் மட்டும், பேச்சு முடிந்தபின் அந்த ஆளின் படம் ஐந்து விநாடி. வீணை அந்த ஐந்து விநாடியில் மட்டும். எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

அழகர் கதை

சின்ன மாமா முதல் பதிவிலேயே சொன்ன கதை இது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று விடியற்காலை, கூட்டத்தில் அவர் தொலைந்துபோனார். கோரிப்பாளையம் பக்கம் ஒரு நீர்மோர்ப் பந்தலில் உட்காரவைத்திருந்தார்கள். பாட்டி கண்டுபிடித்தார். இரண்டாவது முறை தொலைபேசியில் பேசியபோது மூத்த மாமாவும் அதே கதையைச் சொன்னார். அதே பந்தல், அதே மோர். ஆனால் தொலைந்தது அவர்.

எது சரி என்று விசாரித்து ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டையும் வைத்தால் தொகுத்தவனுக்குக் கவனமில்லை என்று தோன்றும். பேசுபவள் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பேரும் சொல்றாங்கன்னு அப்படியே சொல்லுவோம். அப்பத்தாதானே தேடுனது, அதுக்குத்தான் தெரியும்” என்றாள். அரைமனதாக விட்டுக்கொடுத்தேன். கதையை இப்படி முடித்தாள்: “அப்பத்தா, ரெண்டு பேரும் நாந்தான் தொலைஞ்சேன்னு சொல்றாங்க. உண்மையில யாரு?”

வேம்பு

சின்ன மாமா தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னார்: “வேம்பு போனதுக்கப்புறம் முத்தம் வெறிச்சுன்னு இருக்கும்மா.” இரண்டு வருடத்துக்கு முன் மாடி எடுத்தபோது, வேர் சுவரைப் பிளக்கிறதென்று முற்றத்து வேப்பமரத்தை வெட்டியிருந்தார்கள். பாட்டிக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் முடிவு செய்யவும் இல்லை. முதலில் சொல்லாமல் விட்டது அப்படியே நின்றுவிட்டது.

அந்த வரியை வெட்டினேன். பிறந்தநாள் காணொளியில் அவர் முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதுவல்ல என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. பழைய முற்றத்துப் படங்கள் நிறைய இருந்தன. அவற்றைப் போட்டால் மரம் இருக்கிறது என்று சொல்வது போலாகும் என்று அவற்றையும் எடுத்துவிட்டேன். “அப்பத்தா கேட்டா என்ன சொல்றது?” என்று பேசுபவள் கேட்டாள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என் அம்மாவும் அதையே சொன்னார்.

நடந்தது

காணொளியை வாட்ஸாப்பில் காணொளியாக அனுப்பினால் சுருங்கித் தெளிவு போகும் என்பதால், ஆவணமாக அனுப்பினோம். அப்படி அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். இரண்டு நாள் முன்னதாக அனுப்பி, சித்தியைத் தொலைக்காட்சியில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். சதயத்தன்று காலை குளித்து விளக்கேற்றியபின் போட்டுக் காட்டினார்கள்.

பாட்டி முழுக்கப் பார்த்தார். சாவிக் கதைக்குச் சிரித்தார். உப்புக் கதைக்கு, “அத இவ இன்னும் ஞாபகம் வச்சிருக்காளா” என்று மட்டும் சொன்னாராம். அழகர் கதையில் அந்தக் கேள்வி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“ரெண்டு பேரும் இல்ல. தொலைஞ்சது பெரியவ.”

பெரியவள் என் அம்மா. பச்சைப் பாவாடை கட்டியிருந்தாராம். அன்றைக்கு அழகரும் பச்சைப் பட்டு என்பதால் அந்த நிறம் பாட்டிக்கு மறக்கவில்லை. மகன்கள் இருவரும் அப்போது கைக்குழந்தையும் இடுப்புப் பிள்ளையும். பல தடவை கேட்ட கதையைத் தங்கள் கதையாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். அன்று மாலை அவர் நான்கு பேருக்குத் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பினார், நான்கும் அந்த விடியற்காலையைப் பற்றியது. முந்தைய நான்கு வருடங்களில் அவராக அனுப்பிய பதிவு ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அன்னைக்கு வாங்குன அடி போதாதா?” என்றார்.

மறுநாள் பாட்டி சின்ன மாமாவைக் கூப்பிட்டார். “எல்லா எடமும் காட்டுனீங்க, முத்தத்துல எடுத்த படம் ஒண்ணுகூட இல்லையே. வேம்பு இருக்கா?” மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்லிவிட்டார். பாட்டி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சித்தியிடம் சொன்னது: “வெட்டுனதுக்கு இல்ல. ரெண்டு சித்திரையா வேப்பம்பூ எடுத்து வச்சியான்னு கேட்டேன், வச்சேன்னு சொன்னான்.”

இன்னொன்றையும் கவனித்திருந்தார். தாத்தாவின் தம்பி மனைவி, பாட்டியின் ஓரகத்தி, காணொளியில் இல்லை. “அவ ஒண்ணும் சொல்லலையா?” என்றாராம். அவரிடம் நான் கேட்கவே இல்லை. வாட்ஸாப் குழுவில் அவர் இல்லை, அவரிடம் இருப்பது பொத்தான் கைபேசி. முப்பது வருடம் ஒரே அடுப்படியில் நின்ற இருவர் அவர்கள்.

மறுபடி செய்தால்

ஆட்களின் பட்டியலைக் குழுவிலிருந்து எடுக்க மாட்டேன். பாட்டியின் தங்கையிடம் உட்கார்ந்து, அவர் வாயால் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்வேன். அதே முறை உட்காரும்போது பிறந்தநாளையும் கேட்டுவிடலாம்.

வேம்பு வரியை வெட்டியது சரி. வெட்டியதோடு நிறுத்தியதுதான் தப்பு. ஒரு வரியை இப்படி எடுக்க வேண்டியிருந்தால், அந்தச் செய்தியை அதற்குரியவர் பத்து நாளாவது முன்னால் நேரே பேசிச் சொல்லிவிட வேண்டும். அப்போது படங்களையும் ஒளிக்க வேண்டியிருந்திருக்காது. படம் இல்லாத இடத்தை வைத்தே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஒத்திகைக்கு முன்னால் வாசகம் எழுத மாட்டேன். முதலில் இரண்டு கதைகளை மட்டும் பதிவு செய்து, அதே வயதுள்ள ஒருவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு மீதியை எழுதுவேன். முதல் வடிவத்துக்குச் செலவான மூன்று வாரத்தில் பெரும்பகுதி வீண்.

ஓரகத்தியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் என் கைபேசியில் பேசச் சொன்னேன். நாற்பது விநாடி பேசினார். எல்லாம் திட்டு, இத்தனை வருடம் ஒரு ஃபோன் உண்டா என்று. அதைத் திருத்தாமல் அனுப்பினேன். காணொளி இப்போதும் சித்தி வீட்டுத் தொலைக்காட்சியில் இருக்கிறது. பாட்டி கேட்பது அழகர் கதை வரும் இடத்தை மட்டும்தானாம். அந்தக் கேள்வி வந்ததும் ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்துப் பதில் சொல்கிறார் என்று சித்தி சொல்கிறார்.